ரூபாய்க்கு விலை இல்லாத இரண்டு நாட்கள்

ஒரு அமெரிக்க டாலருக்கு 3.6725 திர்ஹம். 1997 முதல் ஐக்கிய அரபு அமீரகம் இந்தக் கணக்கை மாற்றவே இல்லை. அதனால் துபாயிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்புகிறவருக்கு, திர்ஹமுக்கு எத்தனை ரூபாய் என்ற கேள்வியில் திர்ஹம் அசைவதில்லை. அசைவது ரூபாய் மட்டும்தான். டாலருக்கு ரூபாய் என்ன விலை என்று பார்த்து அதை 3.6725-ஆல் வகுத்தால் திர்ஹமின் உண்மையான விலை வந்துவிடும். எக்ஸ்சேஞ்ச் கடையோ கைபேசிச் செயலியோ நமக்குத் தருகிற விலை இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அந்த இடைவெளிதான் மார்ஜின். அனுப்புக் கட்டணம் என்று ரசீதில் தனியாக அச்சாகிற தொகை வேறு, இது வேறு. இது விலைக்குள்ளேயே ஒளிந்திருப்பதால் பலர் கண்ணில் படுவதில்லை.

பல பணம் அனுப்பும் சேவைகளில் இந்த மார்ஜின் வெள்ளி இரவுக்குப் பிறகு அகலமாகி, திங்கள் காலையில் மறுபடி சுருங்கிவிடுகிறது. சிலர் இதை வெளிப்படையாகவே செய்கிறார்கள். பிரிட்டனில் பிரபலமான ரெவலூட் செயலி, சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர்களிடம் வார இறுதி நாணய மாற்றத்துக்கு 1% கூடுதல் கட்டணம் என்று விதியாகவே எழுதி வைத்திருந்தது. அந்த விதி குறிப்பிடும் வார இறுதி, நியூயார்க் நேரப்படி வெள்ளி மாலை 5 மணிக்குத் தொடங்கி ஞாயிறு மாலை 6 மணிக்கு முடிகிறது. லண்டன் செயலிக்கு நியூயார்க் கடிகாரம் எதற்கு என்று கேட்டால், விஷயத்தின் முதல் நுனி கைக்கு வரும்.

உலக நாணயச் சந்தைக்குக் கட்டடம் கிடையாது. வங்கிகள் தங்களுக்குள் கணினியிலும் தொலைபேசியிலும் விலை சொல்லி வாங்கி விற்பதுதான் சந்தை. திங்கள் காலை வெலிங்டனிலும் சிட்னியிலும் தொடங்கி, சிங்கப்பூர், மும்பை, லண்டன் என்று சூரியனோடு நகர்ந்து, வெள்ளி மாலை 5 மணிக்கு நியூயார்க்கில் அடங்குகிறது. துபாயில் அப்போது சனிக்கிழமை அதிகாலை ஒரு மணி, குளிர்காலமானால் இரண்டு மணி. அதிலிருந்து ஏறத்தாழ 48 மணி நேரம், பெரிய தொகைக்கு உறுதியான விலை சொல்ல உலகில் எந்த வங்கியும் இருக்காது.

ரூபாய்க்கு இதில் இன்னொரு படியும் உண்டு. இந்தியாவுக்குள் வங்கிகளுக்கு இடையிலான டாலர்–ரூபாய் சந்தை காலை 9 மணிக்குத் திறந்து பிற்பகல் 3.30-க்கு மூடுகிறது. துபாய் நேரத்தில் காலை 7.30 முதல் 2 மணி வரை. அதன் பிறகு சிங்கப்பூரிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் என்.டி.எஃப். என்கிற வெளிநாட்டுச் சந்தை நடக்கிறது. அங்கே ரூபாய் கைமாறுவதில்லை. ரூபாயின் விலை வித்தியாசத்தை டாலராகக் கொடுத்து வாங்கிக் கணக்கு முடிக்கிறார்கள். ஆனாலும் அங்கே விலை இருக்கிறது. அதனால்தான் செவ்வாய் இரவு பத்து மணிக்கு மும்பை தூங்கினாலும் செயலி கலங்காமல் விலை சொல்கிறது. குடியரசு தினத்துக்கோ தீபாவளிக்கோ மும்பை மூடியிருந்தாலும் இதே கதைதான். வார இறுதியில் மட்டும் இந்த இரண்டாவது கதவும் சாத்தப்படுகிறது. சனிக்கிழமை திரையில் தெரிகிற ரூபாய் விலை வெள்ளிக்கிழமை கடைசியாகப் பதிவானது. அந்த விலையில் வாங்கவும் ஆள் இல்லை, விற்கவும் ஆள் இல்லை.

இதற்கிடையே பணம் போய்ச் சேரும் பாதை மட்டும் ஓய்வே இல்லாமல் ஓடுகிறது. ஐ.எம்.பி.எஸ். தொடங்கிய 2010-லிருந்தே அதற்கு ஞாயிறு கிடையாது. நெஃப்ட் 2019 டிசம்பரிலும் ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பரிலும் நாள் முழுக்க, வாரம் முழுக்க இயங்கத் தொடங்கின. ஞாயிறு மதியம் ஷார்ஜாவில் பொத்தானை அழுத்தினால் அடுத்த சில நிமிடங்களில் ராமநாதபுரத்தில் அம்மாவின் கணக்கில் பணம் ஏறிவிடும். அந்த ரூபாய் அன்றைக்கு வாங்கப்பட்டது அல்ல. வளைகுடா எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்கள் இந்திய வங்கிகளோடு ரூபாய் டிராயிங் ஏற்பாடு என்ற ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு, அங்கே ரூபாய்க் கணக்கில் முன்கூட்டியே பணம் போட்டு வைக்கின்றன. அதிலிருந்துதான் நம் வீட்டுக்குப் பணம் போகிறது. பணம் அனுப்புவது நின்றபாடில்லை, விலை மட்டும் நின்றுவிட்டது. மார்ஜின் அகலமாவது இந்தப் பொருத்தமின்மையால்தான்.

வார நாளில் நிறுவனத்தின் கருவூலப் பிரிவு என்ன செய்கிறது என்று பார்த்தால் இது தெளிவாகும். காலையிலிருந்து கிளைகளிலும் செயலியிலும் ஆயிரம், இரண்டாயிரம் திர்ஹமாகச் சேர்ந்துகொண்டே வருகிறது. போதுமான தொகை திரண்டதும் டீலர் ஓர் இந்திய வங்கியைக் கூப்பிட்டு, அத்தனை டாலரையும் விற்று ரூபாயை வாங்கிவிடுவார். வாடிக்கையாளருக்குச் சொன்ன விலைக்கும் இந்த விலைக்கும் நடுவே போனது சில நிமிடங்கள், கூடிப்போனால் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் ரூபாய் ஓரிரு காசு நகரலாம், அவ்வளவுதான். இதைத் தாங்க மெல்லிய மார்ஜின் போதும். சனிக்கிழமையோ, சொன்ன விலை சொன்ன விலைதான். ஆனால் அதை ஈடுகட்டும் வாங்கலுக்குத் திங்கள் காலை வரை காத்திருக்க வேண்டும்.

ரூபாய் இரண்டு பக்கமும் போகலாமே, ஒரு வாரம் நட்டம் வந்தால் இன்னொரு வாரம் லாபம் வருமே, சராசரியில் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாடிக்கையாளர்கள் செய்தியே படிக்காதவர்களாக இருந்தால் அப்படித்தான் நடக்கும். அவர்கள் படிக்கிறார்கள். அதனால்தான் சராசரி நிறுவனத்துக்கு எதிராகச் சாய்கிறது.

2024 ஜூன் 1 ஒரு சனிக்கிழமை. அன்று மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு. மாலை 6.30 மணிக்கு, துபாயில் 5 மணிக்கு, வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகளை வெளியிட இருந்த தடை நீங்கியது. எல்லாத் தொலைக்காட்சிகளும் ஆளும் கூட்டணிக்குப் பெரும் வெற்றி என்றன. சந்தை அதை விரும்பும், திங்களன்று ரூபாய் வலுக்கும் என்று யூகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. வெள்ளி முடிவில் டாலர் 83 ரூபாய் 45 காசை ஒட்டி இருந்தது. திங்கள் காலைத் தொடக்கத்தில் 83 ரூபாயை ஒட்டி வந்தது. திர்ஹம் கணக்கில் 22.72-லிருந்து 22.60. பன்னிரண்டு காசு போயிற்று.

இப்போது அந்தச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு துபாய் தேராவில் ஒருவர் 2,000 திர்ஹம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் வார நாள் போலவே 0.4% மார்ஜின் மட்டும் எடுக்கிறது. வெள்ளி விலைப்படி 2,000 திர்ஹமின் மதிப்பு 45,446 ரூபாய். மார்ஜின் போக வீட்டுக்குப் போவது 45,264 ரூபாய். சாதாரண நாளானால் நிறுவனத்துக்கு இதில் 8 திர்ஹம் கிடைத்திருக்கும். ஆனால் அந்த 45,264 ரூபாயைத் திங்கள் காலை விலைக்கு வாங்கி நிரப்ப அதற்கு ஏறக்குறைய 2,003 திர்ஹம் ஆகிறது. எட்டு வர வேண்டிய இடத்தில் கையிலிருந்து மூன்று போனது. மார்ஜினை 1% ஆக்கியிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பது 44,991 ரூபாய், திங்களன்று நிரப்ப ஆகும் செலவு 1,991 திர்ஹம், மிச்சம் 9. அதாவது அந்த அகல மார்ஜின், மோசமான ஒரு வார இறுதியிலும் நிறுவனத்தைக் கிட்டத்தட்ட அதன் வழக்கமான லாபத்திலேயே நிறுத்தி வைத்திருக்கும்.

இதைவிட முக்கியமானது, அந்த மாலை யார் யார் அனுப்பியிருப்பார்கள் என்பது. திங்களன்று திர்ஹமுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும் என்று யூகித்தவர்கள் எல்லாம், அடுத்த வாரம் அனுப்ப வைத்திருந்த பணத்தையும் சேர்த்து அன்றே அனுப்பப் பார்ப்பார்கள். ரூபாய் சரியும் என்று தெரிகிற வார இறுதியிலோ எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு திங்களுக்குக் காத்திருப்பார்கள். ஆக, பழைய விலையைத் திறந்து வைக்கிற நிறுவனத்துக்கு நட்டம் தரும் பக்கத்தில் கூட்டம் நிரம்பும். லாபம் தரும் பக்கத்தில் ஆளே இருக்காது. விலையை உறைய வைத்துவிட்டு, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்றால் விடுங்கள் என்று இரண்டு நாள் நீட்டி வைப்பது, வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுக்கும் ஒரு தேர்வுரிமை. நிதிச் சந்தையில் இதைத் தனியாக விலை போட்டு விற்பார்கள். வார இறுதி மார்ஜின் அந்த விலையைத்தான் வேறு பெயரில் வசூலிக்கிறது. கூடுதல் மார்ஜின் பன்னிரண்டு காசையும் விழுங்கிவிட்டால், அவசரமாக அனுப்பி ஆதாயம் பார்க்கும் எண்ணமும் அடங்கிவிடும்.

வெள்ளிக்கிழமையே போதுமான ரூபாயை வாங்கி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடாதா? பாதி தீரும். சனி, ஞாயிறில் எவ்வளவு பணம் போகும் என்று சரியாகக் கணித்து அவ்வளவு ரூபாயை வெள்ளியன்றே விலை பேசி வாங்கிவிட்டால், அந்த அளவுக்கு நிறுவனத்துக்கு ஆபத்து இல்லை. கணிப்பு பிசகுவதில்தான் சிக்கல். பிசகுவதும் தற்செயலாகப் பிசகுவதில்லை.

2025 பிப்ரவரி 1-ம் சனிக்கிழமைதான். அன்று காலை டெல்லியில் மத்திய பட்ஜெட். அதே சனிக்கிழமை வாஷிங்டனில் கனடா, மெக்சிகோ, சீனா மீது கூடுதல் இறக்குமதி வரி விதிக்கும் உத்தரவில் டிரம்ப் கையெழுத்திட்டார். பட்ஜெட்டுக்காக மும்பை பங்குச் சந்தை அன்று சிறப்பாகத் திறந்திருந்தது. நாணயச் சந்தை திறக்கவில்லை. வெள்ளியன்று 86 ரூபாய் 60 காசை ஒட்டி இருந்த டாலர், திங்களன்று வரலாற்றில் முதல் முறையாக 87 ரூபாயைத் தாண்டியது. நடுவிலிருந்த ஞாயிறு முழுக்க அந்த வரியைப் பற்றிய பேச்சுதான். செய்தியைக் கவனித்தவர் அன்று அனுப்பியிருக்க மாட்டார். வெள்ளியன்று கையிருப்பு வாங்கி வைத்த நிறுவனத்துக்கு அதனால் ரூபாய் மிஞ்சியிருக்கும். ஒரு கோடி ரூபாய் மிஞ்சியிருந்தால், 86.60 விலையில் வாங்கியது திங்களன்று 87.10 விலையில் சுமார் 2,400 திர்ஹம் குறைந்துபோயிருக்கும். ஜூனில் கையிருப்பு இல்லாததால் வரக்கூடிய நட்டம், பிப்ரவரியில் கையிருப்பு இருந்ததால் வந்திருக்கும். முன்கூட்டி வாங்குவது ஆபத்தைப் பக்கம் மாற்றி வைக்கிறது, ஒழிப்பதில்லை.

அந்த ஞாயிறன்று விவரம் தெரியாமல் அனுப்பியவர் பக்கமும் பார்க்க வேண்டும். 2,000 திர்ஹத்துக்கு, 1% மார்ஜின் போக, அவர் வீட்டுக்கு 46,690 ரூபாய் போயிருக்கும். திங்களன்று 87.10 விலையில் 0.4% மார்ஜினோடு அனுப்பியிருந்தால் 47,244. ஏறக்குறைய 550 ரூபாய் வித்தியாசம். அதில் பாதி மார்ஜினால் வந்தது, பாதி ரூபாய் சரிந்ததால் வந்தது. செய்தியைக் கவனித்து ஆதாயம் தேடுகிறவர்களுக்காகப் போட்ட வேலிக்கு, அதைப் பற்றி எதுவும் தெரியாத இவரும் காசு கொடுத்தார்.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். மேலே சொன்னவை போன்ற வார இறுதிகள் அபூர்வம். ரிசர்வ் வங்கி சந்தையில் தலையிட்டு ரூபாயின் ஆட்டத்தை அடக்கி வைப்பதால், பெரும்பாலான திங்கள் காலைகளில் ரூபாய் வெள்ளி விலையிலிருந்து சில காசு தள்ளித்தான் திறக்கிறது. திர்ஹம் அசையவே அசையாது. இரண்டு நாணயமும் ஆடுகிற ஜோடிக்கும், துருக்கி லீரா போலக் கொந்தளிக்கிற நாணயத்துக்கும் 1% கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. திர்ஹம்–ரூபாய்க்கு ஒவ்வொரு வாரமும் அதே அளவு கேட்டால், அதில் ஆபத்துக்கான பங்கு சிறிதாகவும் வேறொன்றின் பங்கு பெரிதாகவும் இருக்கும் என்பது என் கணிப்பு. அந்த வேறொன்று, அனுப்புகிறவருக்கு வேறு நாள் இல்லை என்பது.

அமீரகத்தில் இது சமீபத்தில்தான் கூர்மையானது. 2022 ஜனவரி வரை அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். பழைய தொழிலாளர் சட்டம் வெள்ளியைத்தான் ஓய்வு நாளாக எழுதி வைத்திருந்தது. கட்டட வேலை பார்ப்பவர் வெள்ளிக்கிழமை கடைத்தெருவுக்கு வந்து பணம் அனுப்பும்போது மும்பையில் சந்தை நடந்துகொண்டிருக்கும். அவர் கேட்ட விலை உயிருள்ள விலை. 2022-ல் அரசு அலுவலகங்கள் சனி–ஞாயிறு விடுமுறைக்கு மாறின. புதிய தொழிலாளர் சட்டம் ஓய்வு நாளாக வெள்ளியைக் குறிப்பிடுவதை விட்டது. தனியார் நிறுவனங்கள் பலவும் ஞாயிறுக்கு நகர்ந்தன. உலக வர்த்தகத்தோடு நாள்களை ஒத்துப்போக வைக்கச் செய்த மாற்றம் அது. ஆனால் வாரத்தில் ஒரே ஒரு நாள் ஓய்வு கிடைக்கிறவரின் அந்த ஒரு நாள், ரூபாய்க்கு விலை இருந்த நாளிலிருந்து விலை இல்லாத நாளுக்குப் போய்விட்டது. சவூதியிலும் குவைத்திலும் இன்றும் வெள்ளி–சனி விடுமுறைதான். அங்கே இருப்பவர் வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்குள் அனுப்பினால் மும்பைச் சந்தை திறந்திருக்கும்போதே அனுப்பியதாகிவிடும்.

தான் கொடுக்கும் மார்ஜின் எவ்வளவு என்று யாரும் கண்டுபிடிக்கலாம், சிரமம் இல்லை. இந்தியாவில் எஃப்.பி.ஐ.எல். என்ற அமைப்பு ஒவ்வொரு வேலை நாள் மதியமும் டாலருக்கு ஒரு குறிப்பு விலையை வெளியிடுகிறது. 2018 ஜூலைக்கு முன் ரிசர்வ் வங்கியே இதைக் கணக்கிட்டு வந்தது. வெள்ளிக்கிழமை விலையை எடுத்து 3.6725-ஆல் வகுக்க வேண்டும். வந்த எண்ணிலிருந்து செயலி தருகிற திர்ஹம் விலையைக் கழித்து, மிச்சத்தை அதே எண்ணால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம் கிடைத்துவிடும். இதை வியாழன் மதியம் ஒரு முறை (அன்றைய குறிப்பு விலையை வைத்து), சனி மாலை ஒரு முறை, திங்கள் காலை பத்து மணிக்கு ஒரு முறை செய்து பார்க்கலாம். கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்கிற சேவையில் இந்தக் கணக்கு இன்னும் அவசியம். எடுக்க வேண்டியதை அங்கே விலைக்குள்தான் எடுக்க முடியும். திங்கள் காலை கணக்கிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரூபாய் புதிய விலைக்குப் போயிருந்தால் வெள்ளி விலையோடு ஒப்பிடக் கூடாது, அன்றைய சந்தை விலையோடுதான் ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் ரூபாயின் நகர்வு மார்ஜின் போலத் தெரியும்.

பணம் அனுப்ப நாள் தேர்ந்தெடுக்க முடிகிறவருக்கு, துபாய் நேரம் காலை 7.30 முதல் பிற்பகல் 2 மணி வரை, திங்கள் முதல் வெள்ளி வரை நல்ல நேரம். வேலைத்தளத்திலிருந்து கைபேசியிலேயே அனுப்ப முடிந்தால் கடைக்குப் போக ஞாயிறுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு என்றால் இந்தக் கணக்கையெல்லாம் தூக்கி வைத்துவிட்டு அப்போதே அனுப்பிவிட வேண்டும். 2,000 திர்ஹத்தில் 0.6% கூடுதல் மார்ஜின் 12 திர்ஹம், 2024 ஜூன் விலையில் சுமார் 270 ரூபாய். மாதா மாதம் அனுப்புகிறவருக்கு அதுவே வருடத்தில் மூவாயிரம் ரூபாயைத் தாண்டும். மூன்று நேரக் கணக்கிலும் சதவீதம் ஒரே மாதிரி வந்தால், அந்த நிறுவனம் சனி–ஞாயிறின் ஆபத்தை வாரம் முழுக்கப் பரப்பி எல்லாரிடமும் வாங்குகிறது என்று கொள்ளலாம். அப்போது அந்தச் சதவீதம் மற்ற நிறுவனங்களின் வார நாள் மார்ஜினைவிட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும் பார்த்தால் போதும்.